ஓடும்போது எவ்வளவு வியர்க்கிறது என்று கணக்கிடுவது எப்படி?

"ஓடி முடித்ததும் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை, அப்போ வியர்வையும் அவ்வளவுதானா?"

இல்லை, நடுவில் குடித்த தண்ணீரையும் கூட்டணும். என் கணக்கையே பாருங்கள்: கிளம்பும்போது 68.4 கிலோ, ஒரு மணி நேரம் ஓடி வந்ததும் 67.5. குறைந்தது 900 கிராம், வழியில் குடித்தது 500 மில்லி, ஆக வியர்வை சுமார் 1.4 லிட்டர் (ஒரு கிராமை ஒரு மில்லியாக வைத்துக்கொள்ளலாம்). இடையில் சிறுநீர் கழித்திருந்தால் அந்த அளவைக் கழிக்கணும்.

பலர் கோட்டைவிடுவது பனியனில்தான். நனைந்த துணியோடு எடைமேடையில் ஏறினால், உடம்பை விட்டுப் போன வியர்வையும் சேர்ந்தே எடையில் வரும், கணக்கு குறைத்துக் காட்டும். பனியனைப் பிழிந்து பாருங்கள், புரியும். அதனால் முதல் முறை கழிப்பறை போய்விட்டும், பின்னதற்குக் கழிப்பறை போகும் முன்பே உடம்பை நன்றாகத் துடைத்தும், இரண்டு முறையும் துணியில்லாமல் நில்லுங்கள். அப்புறம், இது அன்றைய வெயிலுக்கும் வேகத்துக்குமான எண். மார்கழிக் காலையில் வேறு வரும்.