பிட்காயின் இ.டி.எஃப். வாங்குவதா, காயினையே வாங்குவதா?

துபாயில் இருக்கும் மச்சான், பங்குச் சந்தையில் விற்கும் ஃபண்டான அமெரிக்க பிட்காயின் இ.டி.எஃப். வாங்கியிருக்கிறார். பின்னால் அதைக் காயினாகத் தன் வாலட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா? – கீழக்கரை வாசகர்

முடியாது. 2024 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்த ஸ்பாட் இ.டி.எஃப்.கள் உண்மையான பிட்காயினைத்தான் வாங்கி வைக்கின்றன. ஆனால் அந்தக் காயினை எடுக்க உதவும் ரகசியச் சாவி ஃபண்டு அமர்த்திய காப்பாளரிடம் இருக்கும். பிளாக்ராக் ஃபண்டுக்கு அது காயின்பேஸின் காப்பகம். மச்சானிடம் இருப்பது யூனிட் மட்டும். காயின் வேண்டுமென்றால் யூனிட்டை விற்று, வந்த பணத்தில் தனியாக வாங்க வேண்டும்.

இ.டி.எஃப்.பில் வருடக் கட்டணம் 0.25 சதவீதம் என்கிறார்கள். பில் எதுவும் வரவில்லையே? – தொண்டி

வராது. ஃபண்டு தன் கையிருப்பில் இருந்தே எடுத்துக்கொள்ளும். ஒரு லட்ச ரூபாய்க்கு வருடம் சுமார் 250 ரூபாய். இப்படியே பத்து வருடம் போனால், இன்று உங்கள் யூனிட்டுகளுக்குப் பின்னால் 100 பங்கு பிட்காயின் இருந்தால் அது 97.5 பங்காகியிருக்கும். காயினை நீங்களே வைத்திருந்தால் இந்தத் தேய்மானம் இல்லை. வாலட் கருவியின் விலையும் அனுப்பும்போதெல்லாம் நெட்வொர்க் கட்டணமும்தான் செலவு.

ஞாயிற்றுக்கிழமை விலை சரிந்தால்? – மண்டபம்

காயின் வைத்திருப்பவர் அன்றே விற்கலாம். இ.டி.எஃப். வைத்திருப்பவர் திங்கள் இரவு, நம் நேரப்படி 7 அல்லது 8 மணிக்கு அமெரிக்கச் சந்தை திறக்கும்வரை காத்திருக்கணும்.

நான் கடலுக்குப் போகிறவன். வாலட்டைத் திரும்பத் திறக்க உதவும் அதன் 24 ரகசியச் சொற்களைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் மனைவிக்குக் கிடைக்குமா? – ராமேஸ்வரம்

அண்ணே, இருக்கிறதிலேயே முக்கியமான கேள்வி இதுதான். இ.டி.எஃப். என்றால் இறப்புச் சான்றும் வாரிசு ஆவணமும் கொடுத்துத் தரகு நிறுவனத்திடம் கேட்க ஓர் இடம் இருக்கிறது. அலைச்சல் இருக்கும், ஆனால் வழி உண்டு. சொந்த வாலட்டில் அந்தச் சொற்கள் போனால் காயினும் போனதுதான்; மீட்டுத் தர உலகில் யாரும் இல்லை. அந்தச் சொற்களை யார் பார்த்தாலும் எடுத்துக்கொண்டு போகலாம் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

நம் கரையோர வீட்டில் உப்புக் காற்றும் ஓதமும் காகிதத்தை விட்டுவைக்காது. படகுச் சாமானுக்கு வாங்கும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் எழுத்துகளைக் குத்தி வையுங்கள். பெரும்பாலான வாலட்டுகள் பயன்படுத்தும் 2,048 சொற்களின் பட்டியலில் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளே ஒவ்வொரு சொல்லையும் அடையாளம் காட்டிவிடும், அதனால் அவ்வளவு போதும். வரிசை எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். போனில் படம் எடுக்காதீர்கள்.

அப்புறம், பெரிய தொகை போடுவதற்கு முன்னால் சிறு தொகையோடு ஒரு சோதனை செய்யுங்கள். வாலட் கருவியில் பதிந்திருப்பதை அழித்துவிட்டு, தகட்டை மட்டும் பார்த்து மனைவியே வாலட்டைத் திரும்பத் திறக்கட்டும். அவர் தடுமாறினால் அங்கே பெரிய தொகை போடாதீர்கள். எழுதி வைத்ததில் பிழையா, படிகள் புரியவில்லையா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.