சினை ஊசி போட்டும் பருவம் காணாத மாடு: ஹார்மோன் ஊசி எப்போது?

டாக்டர் ஐயா, எங்கள் கலப்பின மாடு மூன்றாவது கன்று ஈன்று ஆறு மாதம் ஆகிறது. மூன்றாம் மாதத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை கத்தியது. மூன்று முறை சினை ஊசி போட்டோம். கடைசி ஊசி போட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. அதன்பின் பருவத்துக்கே வரவில்லை. “சினைப்பையில் கட்டி இருக்கும், ஹார்மோன் ஊசி வாங்கிப் போடுங்கள்” என்கிறார் பக்கத்து வீட்டு மாட்டுக்காரர். போடலாமா? மாட்டைப் பார்த்துக்கொள்வது என் மருமகள்.
– ஒரு வாசகி, வியாசர்பாடி

இன்றைக்குப் போடாதீர்கள் அம்மா. முதலில் அந்த மாடு சினையா என்று பார்க்க வேண்டும்.

பத்து நாளுக்கு ஒருமுறை கத்தியது என்பதைப் படித்ததும் எனக்கும் நீர்க்கட்டியின் நினைவுதான் வந்தது. ஆனால் கட்டி தானாகக் கரைவதும் உண்டு. அப்படிக் கரைந்து, மூன்றாவது ஊசியில் சினை பிடித்திருந்தால் உங்கள் மாடு பருவத்துக்கு வராதது நோயல்ல. அந்த நிலையில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ஊசி புரோஸ்டாகிளாண்டின் வகையாக இருந்துவிட்டால் கரு கலைந்துபோகும். இரண்டு மாதம் கடந்துவிட்டதால், கால்நடை மருத்துவர் ஆசனவாய் வழியே கைவிட்டுப் பார்த்தாலே சினையைச் சொல்லிவிடலாம். அதே பரிசோதனையில் இரண்டு சினைப்பைகளையும் விரலால் தடவிப் பார்ப்பார். சினை இல்லை என்றால், எந்த ஊசி, அல்லது ஊசியே தேவையில்லையா என்பது அந்த விரல்களுக்குக் கிடைக்கும் விவரத்தைப் பொறுத்தது.

நீர்க்கட்டி எப்படி உண்டாகிறது என்று சொல்கிறேன். மாட்டுக்கு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை சினைப்பையில் ஒரு முட்டைப் பை வளர்ந்து, மூளையின் அடியிலுள்ள சுரப்பி அனுப்பும் ஹார்மோனால் வெடித்து முட்டையை வெளியே விடும். அந்த ஹார்மோன் உரிய நேரத்தில் போதிய அளவு வராவிட்டால் பை வெடிக்காது. நீர் கோத்து இரண்டு செ.மீ.க்கு மேல் பெருத்து அப்படியே நின்றுவிடும். அதன் சுவர் மெல்லியதாக இருந்தால் மாடு சிலசமயம் எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை கத்தும், மற்ற மாடுகள்மீது தாவும்; சிலசமயம் அடங்கியே இருக்கும். நாள்பட்டால் வாலடி மேடாகத் தூக்கிக்கொண்டு இரு பக்கமும் குழி விழும். சுவர் தடித்துவிட்டால் அதிலிருந்து பருவத்தை அடக்கும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். மாடு பருவத்துக்கே வராது. முதலில் ஓயாமல் கத்திவிட்டுப் பிறகு அடங்கிப்போகும் மாடுகளில் இதையும் பார்த்திருக்கிறேன்.

கொருக்குப்பேட்டையில் நான் பார்த்த ஒரு மாடு உங்கள் மாட்டைப் போலத்தான். மூன்றாம் ஈற்று, நாளுக்கு 12 லிட்டர் பால், கன்று ஈன்று நான்கு மாதம். ஒன்பது நாளுக்கு ஒருமுறை கத்தியது, நான்கு முறை சினை ஊசி போட்டும் பலனில்லை. கைவிட்டுப் பார்த்தபோது சினை இல்லை. வலது சினைப்பையில் பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அழுத்தினால் நீர் நிரப்பிய பலூன் போல விரலுக்கு நெளிந்தது. கட்டியைக் கையாலேயே நசுக்கி உடைத்துவிடும்படி வீட்டுக்காரர் கேட்டார். முன்பு அப்படிச் செய்தவர்கள் உண்டு. உள்ளே இரத்தம் கசிந்து சினைப்பை பக்கத்துத் தசையோடு ஒட்டிக்கொண்டால் மாடு நிரந்தரமாக மலடாகிவிடலாம் என்பதால் நான் மறுத்துவிட்டேன்.

அதற்குப் பதில் புசெரெலின் என்ற ஊசியை 20 மைக்ரோகிராம் அளவில் தசையில் போட்டேன். மூளையிலிருந்து வர வேண்டிய அந்த ஹார்மோனை இது வரவழைக்கும். இது கட்டியை உடைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள்; பெரும்பாலும் உடைப்பதில்லை. மெல்லிய சுவரைத் தடிக்கச் செய்து, அல்லது வேறொரு முட்டைப் பையை வெடிக்கச் செய்து, நின்றுபோன சுழற்சியை மறுபடி தொடங்கிவைக்கிறது. எட்டாம் நாள் மீண்டும் பார்த்தேன். கட்டி கெட்டிப்பட்டிருந்தது. அப்போதுதான் புரோஸ்டாகிளாண்டின் வகையைச் சேர்ந்த குளோப்ரோஸ்டெனால் 500 மைக்ரோகிராம் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிந்த கோழை வடிந்தது. அன்று மாலை ஒன்றும் மறுநாள் காலை ஒன்றுமாகச் சினை ஊசி. 60ஆம் நாள் பார்த்தபோது சினை உறுதியானது. எல்லா மாடும் முதல் முறையிலேயே குணமாகாது. சிலவற்றுக்கு இரண்டாவது சுற்று வேண்டியிருக்கும், அடுத்த ஈற்றில் கட்டி திரும்பவும் வரலாம்.

கட்டியின் சுவர் ஏற்கெனவே தடித்திருந்தால் குளோப்ரோஸ்டெனால் மட்டும் போதும்; இரண்டு முதல் ஐந்து நாளில் பருவம் வரும். சுவர் மெல்லியதா தடித்ததா என்பதைக் கை தவறாகவும் சொல்லலாம். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான்.

சினையும் இல்லை, கட்டியும் இல்லை என்றால் இரண்டு காரணங்களைச் சொல்வேன். ஒன்று, பருவம் வந்தும் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போவது. வடசென்னையில் பல வீடுகளில் ஒற்றை மாட்டைச் சந்தில் கட்டிவைக்கிறோம். தாவுவதற்கும் தாவ விட்டு நிற்பதற்கும் அதற்குத் துணை இல்லை. வெயில் காலத்தில் அறிகுறிகள் இரவில் சில மணி நேரம் மட்டுமே தெரியும். அதனால் இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலைக் கறவைக்கு முன்பும், படுத்திருக்கும் மாட்டின் பின்புறத் தரையில் கோழை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க மருமகளிடம் சொல்லுங்கள். கோழையில் இரத்தம் தெரிந்தால் பருவம் ஓரிரு நாள் முன்பே போய்விட்டது என்று பொருள். அன்றிலிருந்து 18 நாள் கழித்து மறுபடி கவனிக்க வேண்டும். இத்தகைய மாட்டுக்கு, முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் உடல் சினைப்பையில் இருப்பதை மருத்துவர் கண்டறிந்தால், குளோப்ரோஸ்டெனால் நன்றாக வேலை செய்யும்.

மற்றொன்று, சினைப்பை சிறுத்து வழவழவென்று இருப்பது. விலா எலும்பு எண்ணும்படி மெலிந்து, உடம்பைக் கரைத்துப் பால் தரும் மாட்டில் இதைக் காணலாம். இதற்கு எடுத்த எடுப்பில் ஹார்மோன் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. ஓட்டல் சோறும் காய்கறிக் கழிவும் வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. உடலுக்கு ஒன்றரைக் கிலோ, ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்ற கணக்கில் கலப்புத் தீவனம் வையுங்கள். பசுந்தீவனமும், நாளுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவையும், குடற்புழு மருந்தும் வேண்டும். உடம்பு தேறியும் பருவம் வரவில்லை என்றால், புரோஜெஸ்ட்ரோன் சாதனத்தை ஏழு முதல் ஒன்பது நாள் பிறப்புறுப்பினுள் வைத்து எடுக்கும் சிகிச்சை அப்போது பலன் தரும்.

மருமகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தாலோ, குளோப்ரோஸ்டெனால் குப்பியையும் ஊசியையும் அவர்கள் தொடக் கூடாது. அந்த மருந்து தோல் வழியே உடலுக்குள் இறங்கும். கருவைக் கலைக்கவும் மூச்சை இறுக்கவும் செய்யும். மருத்துவர் ஊசி போடும்போது மாட்டைப் பிடித்துக்கொள்ள வேறு ஆளை நிறுத்துங்கள். மூன்று சினை ஊசி போட்ட தேதிகளையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். சினை எத்தனை நாள் என்று கணக்கிட அவருக்கு அவை வேண்டும்.