பேசாதவரை ஸ்விட்ச் மறந்துவிடும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, எந்த மேக் முகவரி எந்த போர்ட்டில் என்று ஸ்விட்ச் எழுதிவைத்துக்கொள்ளும் மேக் டேபிளைப் பற்றியவை. ஏற்காட்டிலிருந்து வந்த கேள்விக்கு நேரில் போய்ப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடிந்தது. அதனால் அதற்கு மட்டும் பதில் நீளம்.

புது ஸ்விட்ச்சை டப்பாவிலிருந்து எடுத்து ஒயரைச் செருகினேன். எதையும் செட் செய்யவில்லை. எந்த போர்ட்டில் எந்த கம்ப்யூட்டர் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? — பாலிடெக்னிக் மாணவர், ஓமலூர்

செருகிய நொடியில் அதற்கு எதுவும் தெரியாது. டேபிள் காலியாக இருக்கும். ஒயரில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும், அதாவது ஃப்ரேமிலும், அனுப்புபவரின் மேக் முகவரி, பெறுபவரின் மேக் முகவரி என இரண்டு இருக்கும். ஸ்விட்ச் கற்பது அனுப்புபவரின் முகவரியிலிருந்து மட்டும்தான். பெறுபவரின் முகவரியை வைத்து டேபிளில் தேடும், கற்காது. இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

பில் போடும் கம்ப்யூட்டர் 3-ஆம் போர்ட்டிலும் பிரிண்டர் 7-ஆம் போர்ட்டிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரிண்டரின் ஐ.பி. கம்ப்யூட்டருக்குத் தெரியும், மேக் தெரியாது. அதனால் "இந்த ஐ.பி. யாருடையது?" என்று ஏ.ஆர்.பி. கேள்வியை எல்லோருக்குமாக அனுப்புகிறது. ஃப்ரேம் 3-ஆம் போர்ட்டில் நுழைந்ததும், அனுப்பியவரின் மேக் 3-ல் இருக்கிறது என்று ஸ்விட்ச் எழுதிக்கொள்கிறது. எல்லோருக்குமான ஃப்ரேம் என்பதால் மற்ற எல்லா போர்ட்டுகளிலும் விடுகிறது. பிரிண்டர் "நான்தான்" என்று பதில் சொல்கிறது. அது 7-ல் நுழையும்போது பிரிண்டரும் டேபிளில் ஏறிவிடுகிறது. பதில் போகவேண்டிய கம்ப்யூட்டர் 3-ல் இருப்பது ஏற்கெனவே தெரியும், அதனால் 3-ல் மட்டும் போகிறது. இரண்டே ஃப்ரேமில் இரண்டு வரி:

```
Vlan    Mac Address       Type        Ports
   1    0000.5e00.5303    DYNAMIC     Gi1/0/3
   1    0000.5e00.5307    DYNAMIC     Gi1/0/7
```

தேடிய முகவரி டேபிளில் இல்லாவிட்டால், வந்த போர்ட்டைத் தவிர அந்த விலேனின், அதாவது ஸ்விட்ச்சுக்குள் தனியாகப் பிரித்துவைத்த அந்த வலையமைப்பின், எல்லா போர்ட்டுகளிலும் ஃப்ரேமை விட்டுவிடும். டீக்கடைப் பையன் ஆர்டர் கொடுத்தவர் எந்தக் கடை என்று தெரியாமல் வரிசையாக எல்லாக் கடையிலும் எட்டிப்பார்ப்பது மாதிரி. இதை ஃப்ளட் ஆகிறது என்போம்.

கஷ்டப்பட்டுக் கற்றதை 5 நிமிடத்தில் ஏன் அழிக்க வேண்டும்? மெமரி போதாதா? — அம்மாபேட்டை வாசகர்

மெமரி ஒரு காரணம்தான், ஆனால் சின்னக் காரணம். சாதாரண ஸ்விட்ச்சிலேயே 8,000 முகவரி பிடிக்கும். உங்கள் ஆபீஸில் 60 இருந்தால் அதிகம்.

முக்கியக் காரணம் வேறு. டேபிளில் ஒரு வரி இல்லாவிட்டால் ஃப்ரேம் ஃப்ளட் ஆகி எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். தப்பான வரி இருந்தால் போகாது, தப்பான வாசலில் விழுந்து காணாமல் போகும். ஒரு பெட்டியை முன் அறையிலிருந்து கழற்றிப் பின் அறையில் மாட்டுகிறீர்கள். நடுவில் இரண்டு அறையிலும் குட்டி ஸ்விட்ச் இருப்பதால், மெயின் ஸ்விட்ச்சில் எந்த லிங்க்கும் இறங்கவில்லை. லிங்க் இறங்கியிருந்தால் அந்த போர்ட்டின் வரிகள் அப்போதே அழிந்திருக்கும். புது இடத்திலிருந்து பெட்டி ஒரு ஃப்ரேம் அனுப்பினால் போதும், பழைய வரி உடனே திருத்தப்படும். அது வாயே திறக்காவிட்டால்? அதற்கு வருவதெல்லாம் பழைய அறைக்கே போய்க்கொண்டிருக்கும். அந்தத் தப்புக்கு ஒரு கெடு வைப்பதுதான் இந்த ஏஜிங்.

ஐ.ஈ.ஈ.ஈ. 802.1டி தரத்தில் சொன்ன அளவு 300 நொடி. பெரும்பாலான ஸ்விட்ச்சுகள் அதிலேயே வருகின்றன. அந்த முகவரி அனுப்புபவராக வரும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பும். பெறுபவராக வந்தால் திரும்பாது. சில சிப்புகள் அவ்வப்போது டேபிளைச் சுற்றிவந்து பார்த்துத்தான் அழிக்கும் என்பதால், 300 என்றால் கடிகாரம் பார்த்தது போல 300 என்று எதிர்பார்க்க வேண்டாம்.

விடுதியில் கீழ் காட்டேஜ்களுக்கு நெட் திடீர் திடீரென்று நின்றுபோகிறது. ஸ்விட்ச்சை ஆஃப் செய்து போட்டால் சரியாகிறது, கொஞ்ச நேரத்தில் பழையபடி. பனிமூட்டம் காரணம் என்கிறார்கள். நிஜமா சார்? — விடுதி மேலாளர், ஏற்காடு

பனி நாளில் போய்ப் பார்த்தேன், வெயில் நாளிலும் போனேன். இரண்டு நாளும் ஒரே கதை. பனியை விட்டுவிடுங்கள்.

அமைப்பு இதுதான். ரிசப்ஷனில் ஒரு லேயர்-3 ஸ்விட்ச், அதுவே எல்லா விலேனுக்கும் கேட்வே, ஒரு விலேனிலிருந்து இன்னொன்றுக்கு எது போனாலும் அதன் வழியாகத்தான். மேட்டில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு கேமரா, விலேன் 20-ல். அதன் படம் சாப்பாட்டு ஹாலில் உள்ள பெரிய டிவிக்கு வருகிறது. டிவியின் பின்னால் ஒரு சின்ன டிஸ்ப்ளே பெட்டி, விலேன் 30-ல், 9-ஆம் போர்ட்டில். கேமரா 12 எம்.பி.பி.எஸ். அளவில் யூ.டி.பி.யில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதே விலேன் 30-லிருந்துதான் கீழ் காட்டேஜ்களுக்கு ஒயர்லெஸ் பிரிட்ஜ் போகிறது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அது நிஜமாகக் கொடுப்பது 15 எம்.பி.பி.எஸ். சுமார்.

மேலாளர் சொன்ன "கொஞ்ச நேரம்" எவ்வளவு என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் 5 நிமிடத்துக்குச் சற்று மேல். அங்கேயே பாதி புரிந்துவிட்டது. இரண்டாவது தடயம், டிவி சரியாக வருகிறதா என்று அந்தப் பெட்டிக்கு பிங் அடித்தால் காட்டேஜ் நெட் சரியாகிவிடுகிறது, அதுவும் 5 நிமிடத்துக்கு!

காரணம், அந்தப் பெட்டி ஊமை. படத்தை வாங்கும், காட்டும், திருப்பி ஒரு வார்த்தை அனுப்பாது. ஐ.பி.யும் கையால் போட்டது, அதனால் டி.எச்.சி.பி. பேச்சும் இல்லை. ஆன் ஆகும்போது ஒன்றிரண்டு ஃப்ரேம் அனுப்புகிறது, ஸ்விட்ச் கற்றுக்கொள்கிறது. 300 நொடி கழித்து மறந்துவிடுகிறது. ஆனால் கேட்வேயின் ஏ.ஆர்.பி. டேபிள் தனி. இந்த ஸ்விட்ச்சில் அதன் ஆயுள் 4 மணி நேரம். ஆகவே இந்த ஐ.பி.க்கு எந்த மேக் என்று கேட்வேக்குத் தெரியும், மறுபடி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த மேக் எந்த போர்ட்டில் என்பதுதான் மறந்துபோயிற்று. விளைவு, 12 எம்.பி.பி.எஸ். படமும் விலேன் 30-ன் எல்லா போர்ட்டிலும் ஃப்ளட் ஆகிறது. ஒயர்லெஸ் பிரிட்ஜுக்கும் அந்த மேக் தெரியாது என்பதால் அதுவும் கீழே தள்ளிவிடுகிறது. 15-ல் 12 போனால் காட்டேஜ்காரர்களுக்கு என்ன மிஞ்சும்? 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்வே ஏ.ஆர்.பி.யைப் புதுப்பிக்கும்போது பெட்டி வாய் திறக்கும், 5 நிமிடம் நிம்மதி. மீதி 3 மணி 55 நிமிடம் வெள்ளம்தான்.

உங்கள் இடத்திலும் இதுதானா என்று பார்க்க இரண்டு கமாண்ட் போதும் (இது சிஸ்கோ ஐ.ஓ.எஸ். வகை):

```
show ip arp | include 0000.5e00.5309
show mac address-table address 0000.5e00.5309
```

முதலாவதில் வரி இருக்கிறது, இரண்டாவதில் இல்லை என்றால் இதே நோய். கமாண்ட் தெரியாதவர்கள் விளக்குகளைப் பாருங்கள். யாரும் பயன்படுத்தாத கம்ப்யூட்டரின் போர்ட் உட்பட எல்லாம் ஒரே தாளத்தில் படபடவென்று மின்னும். எனக்கு ரிசப்ஷனில் முதலில் கண்ணில் பட்டதும் அதுதான்.

மருந்து, இரண்டு கடிகாரங்களின் வரிசையை மாற்றுவது. மேக் வரி அழிவதற்கு முன்பே ஏ.ஆர்.பி. புதுப்பிக்கப்பட வேண்டும்:

```
interface vlan 30
 arp timeout 270
```

இப்போது 270 நொடிக்குள் கேட்வே ஒருமுறை கேட்கும், ஊமைப் பெட்டி பதில் சொல்லியே ஆகவேண்டும், அந்தப் பதிலே மேக் கடிகாரத்தைத் திருப்பிவிடும். மேக் ஏஜிங்கை 14400 நொடி ஆக்கி ஏ.ஆர்.பி.க்குச் சமமாக்குவதும் நடைமுறையில் உள்ள வழிதான். எனக்குப் பிடிக்காது. போன பதிலில் சொன்ன தப்பான வரியின் கெடுவும் அப்போது 4 மணி நேரமாகிவிடும். மேக்கை 9-ஆம் போர்ட்டில் ஸ்டாட்டிக்காக எழுதிவைப்பது அதைவிட ஆபத்து. நாளைக்கு யாராவது ஒயரை 10-க்கு மாற்றினால் டிவி இருட்டு, ஏன் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு சின்ன பாக்கி இருந்தது. மாற்றிய பிறகும் காலை வேளையில் இரண்டு மூன்று நிமிடம் நெட் திணறியது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ஆன் செய்யும்போது போர்ட் ஏறுவதை, லூப் வராமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ 'வலையமைப்பு மாறிவிட்டது' என்று எடுத்துக்கொண்டு மேக் டேபிளை அழித்துவிடுகிறது. அடுத்த ஏ.ஆர்.பி. வரும்வரை பெட்டி மறுபடி அநாதை. கம்ப்யூட்டர் போர்ட்டுகளில் `spanning-tree portfast` போட்டதும் அதுவும் நின்றது.

கஸ்டமர்களின் போன்கள் மேக்கை மாற்றிக்கொண்டே இருக்கின்றனவாமே, டேபிள் நிறைந்துவிடாதா? — காபி ஷாப் நடத்துபவர், ஐந்து ரோடு

நிறையாது. பொதுவாகப் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக்கை வைத்துக்கொள்கின்றன, நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றுவதில்லை. போனவர்களின் வரிகள் 5 நிமிடத்தில் தானே உதிர்ந்துவிடும். ஒரே நேரத்தில் 8,000 பேர் உங்கள் கடையில் காபி குடித்தால் எழுதுங்கள், பேசுவோம்.

லாகில் ஒரு மேக் "flapping between port Gi1/0/2 and port Gi1/0/5" என்று வருகிறது. ஸ்விட்ச் கெட்டுவிட்டதா அண்ணா? — கடை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்பவர், செவ்வாய்பேட்டை

ஸ்விட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே அனுப்புநர் இப்போது 2-ல், மறு நொடி 5-ல் என்று வருவதால் வரியை மாற்றி மாற்றி எழுதி அலுத்துப்போய் உங்களிடம் சொல்கிறது. எப்போதாவது ஒரே ஒரு மேக் மட்டும் வந்தால் யாரோ போனோடு ஒரு வைஃபை பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கிறார், விட்டுவிடலாம். ஒரே நொடியில் பத்துப் பதினைந்து மேக்குகள் வந்தால் லூப், ஃப்ரேம்கள் வட்டமடித்துத் திரும்பி வருகின்றன.

அப்போது போர்ட் எண்களைப் படியுங்கள். எல்லா வரியிலும் 2-ம் 5-ம் ஜோடியாகவே வந்தால், அந்த இரண்டு ஒயரும் அந்தப் பக்கம் எங்கோ ஒன்று சேர்கின்றன. 5 மட்டும் எல்லா வரியிலும் இருந்து ஜோடி மாறிக்கொண்டே இருந்தால், லூப் 5-க்கு அப்பால். அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். பெரும்பாலும் கல்லா மேஜைக்கு அடியில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். பெருக்கும்போது கழன்று தொங்கிய ஒயர் முனையை, யாரோ நல்ல மனசோடு எடுத்து அதே ஸ்விட்ச்சின் காலி ஓட்டையில் செருகியிருப்பார்கள்.