உளச்சார்புப் பரீட்சை அழைப்புக்கு எவ்வாறு பதில் எழுதுவது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: லண்டனில் தலைமையகம் உள்ள ஒரு நிறுவனம், 2025 ஒக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை 10.00 BST மணிக்கு இணையவழி உளச்சார்புப் பரீட்சை நடைபெறும் என்று மின்னஞ்சல் அனுப்பியுள்ளது. "நேரம் எனக்கு வசதியானது, கலந்துகொள்கிறேன்" என்று பதில் எழுதினால் போதுமா? – புதுக்குடியிருப்பு வாசகி

போதாது. நீங்கள் சொல்லும் திகதியில் அந்த வாக்கியம் உங்களை ஒரு மணித்தியாலம் பிந்தவோ முந்தவோ வைத்துவிடும். BST என்பது பிரித்தானியாவின் கோடைகால நேரம். அது நடைமுறையில் இருக்கும்போது இலங்கை நேரம் அங்குள்ளதைவிட நான்கரை மணித்தியாலம் முன்னே செல்கிறது. ஆனால் ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னகர்த்துகிறார்கள். 2025இல் அந்த நாள் ஒக்டோபர் 26; ஆகவே 28ஆம் திகதி லண்டனில் BST நடைமுறையில் இராது, வித்தியாசமும் ஐந்தரை மணித்தியாலமாகிவிடும்.

அழைப்பைத் தயாரித்தவர் பழைய மாதிரிக் கடிதத்தில் திகதியை மட்டும் மாற்றியிருப்பாரானால், அவர் மனத்தில் இருப்பது லண்டன் கடிகாரத்தின் காலை 10.00, அதாவது நமக்குப் பிற்பகல் 3.30. மாறாக, பரீட்சைத் தளத்தில் நேரம் உண்மையாகவே BST என்று பதியப்பட்டிருந்தால், அது நமக்குப் பிற்பகல் 2.30. இதே மூன்றெழுத்தை வங்காளதேச நேரத்துக்கும் பயன்படுத்துவோர் உள்ளனர் என்பதால், சுருக்கக் குறியீட்டை அப்படியே திருப்பி எழுதி உறுதிப்படுத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் கணக்கிட்ட உள்ளூர் நேரத்தை எழுதினால்தான், பிழை இருந்தால் எதிர்த்தரப்பின் கண்ணில் படும். கீழுள்ளவாறு எழுதலாம், அழைப்பு ஆங்கிலத்தில் வந்திருந்தால் இதே ஒழுங்கில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

"வணக்கம். 2025 ஒக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை நடைபெறவுள்ள உளச்சார்புப் பரீட்சைக்கான அழைப்பு கிடைத்தது; நான் கலந்துகொள்வேன். நேரம் 10.00 BST எனக் குறிக்கப்பட்டுள்ளது. 26ஆம் திகதி பிரித்தானியாவில் கடிகாரம் மாற்றப்படுவதால், பரீட்சை லண்டனில் அன்றைய காலை 10.00 மணிக்கு, அதாவது இலங்கையில் பிற்பகல் 3.30 மணிக்கு (GMT+5:30) ஆரம்பமாகும் என விளங்கிக்கொண்டுள்ளேன். அது பிற்பகல் 2.30 மணியாக இருப்பின் தயவுசெய்து அறியத்தாருங்கள்."

பதில் வராவிட்டால் பிற்பகல் 2.30க்கு முன்னரே கணினிக்கு முன் அமர்ந்துவிடுங்கள். முந்திப் போனால் காத்திருக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

கேள்வி: என்னிடம் கைத்தொலைபேசி மட்டுமே உண்டு. பரீட்சைக்கு மைத்துனரின் மடிக்கணினியை இரவல் வாங்கலாம், அல்லது நகரில் உள்ள கணினி நிலையத்துக்குப் போகலாம். பதிலில் எவற்றைக் கேட்க வேண்டும்? – கிளிநொச்சி வாசகர்

"தொழில்நுட்பத் தேவைகள் யாவை?" என்று பொதுவாகக் கேட்டால், எல்லோருக்கும் அனுப்பும் ஒரு பொதுக் குறிப்பே திரும்பி வரும். உங்கள் கையில் இருப்பதைச் சொல்லி, அது போதுமா என்று கேளுங்கள். மைத்துனரின் கணினியில் எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பு உள்ளது, கமராவும் ஒலிவாங்கியும் வேலை செய்கின்றனவா என்பவற்றை முதலில் பார்த்து, அவற்றை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள்.

அதன் பின்னர் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி, பரீட்சை சாதாரண உலாவியில் நடக்கிறதா, அல்லது முன்கூட்டியே ஏதேனும் மென்பொருளை நிறுவ வேண்டுமா என்பதாகும். இரவல் கணினிக்காரரின் தேர்வு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடைப்படுகிறது. உதாரணமாக Safe Exam Browser என்ற மென்பொருளைச் சில நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. பரீட்சை முடியும்வரை வேறு சாளரத்துக்கு மாற அது விடாது. விண்டோஸ், மக் கணினிகளிலும் ஐபாட், ஐபோனிலும் அது இயங்கும். அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசியில் இயங்காது. விண்டோஸ் கணினியில் அதை நிறுவ நிருவாகிக் கணக்கின் கடவுச்சொல் தேவைப்படும். கணினி நிலையத்திலும் நூலகத்திலும் அந்தக் கடவுச்சொல்லை வாடிக்கையாளருக்குத் தருவதில்லை என்பதால், மென்பொருள் நிறுவ வேண்டும் என்று பதில் வந்தால் நிலையத்தை மறந்துவிட்டு மைத்துனரிடமே போங்கள்.

கமராக் கண்காணிப்பு உண்டு என்றாலும் அதே முடிவுதான். அடுத்த இருக்கையில் இன்னொருவர் இருப்பதையும் பின்னால் ஆட்கள் நடமாடுவதையும் கண்காணிப்பு முறை விதிமீறலாகப் பதியக்கூடும். அது கணினி நிலையம் என்பது அதைப் பின்னர் பார்ப்பவருக்குத் தெரியாது.

மாதிரிப் பரீட்சைக்கான இணைப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால், பரீட்சை எழுதப்போகும் அதே கணினியில், அதே இணைய இணைப்பில் அதைத் திறந்து பாருங்கள். கைத்தொலைபேசியில் திறந்து சரிபார்ப்பதால் பயனில்லை.

கேள்வி: எங்கள் பக்கத்தில் முன்னறிவிப்பின்றி மின்சாரம் நின்றுவிடும். இதை முன்னரே எழுதினால் சாக்குச் சொல்வதாக நினைப்பார்களோ? – மல்லாவி வாசகி

எழுதும் முறையைப் பொறுத்தது. "எங்கள் ஊரில் மின்தடை அதிகம், இணையமும் சரியில்லை" என்று எழுதினால் குறையாகத்தான் ஒலிக்கும். "இணைப்புத் துண்டிக்கப்பட்டால் நேரக்கணிப்பு தொடர்ந்து ஓடுமா, அதே இணைப்பின் வழியாக மீண்டும் நுழைய முடியுமா, அவ்வேளையில் எந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும்?" என்று கேட்டால், ஆயத்தமாக இருப்பவரின் கேள்வியாக அது இருக்கும். மின்தடையைப் பற்றி ஒரு சொல்லும் தேவையில்லை.

பதில் எதுவாக இருப்பினும் ஒன்றைக் கவனியுங்கள். மின்சாரம் நின்றால் மடிக்கணினி தன் மின்கலத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டிலுள்ள ரவுட்டர்தான் அணைந்துவிடும். ஆகவே கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டை முதல் நாளே அந்தக் கணினியுடன் இணைத்து, பரீட்சை எழுதப்போகும் அறையில், பரீட்சை நேரத்திலேயே சோதித்துப் பாருங்கள். மாலையில் எல்லோரும் இணையத்தில் இருக்கும்போது அதே இடத்தில் வேகம் வெகுவாகக் குறையலாம். விண்டோஸ் கணினியாக இருந்தால், அந்த ஹொட்ஸ்பொட்டின் அமைப்பில் Metered connection என்பதை இயக்கிவிடுங்கள். இல்லாவிடில் நீங்கள் பரீட்சை எழுதும்போது கணினி தன் புதுப்பிப்புகளைத் தரவிறக்கத் தொடங்கி, டேட்டாவையும் வேகத்தையும் சேர்த்தே விழுங்கிவிடும்.

கேள்வி: எனக்கு நேரம் எதுவும் தரவில்லை, 31ஆம் திகதிக்குள் எப்போதும் எழுதலாம் என்கிறார்கள். அப்படியானால் உறுதிப்படுத்த எதுவுமில்லையே? அழைப்பும் noreply முகவரியிலிருந்தே வந்திருக்கிறது. – வவுனியா வாசகர்

உறுதிப்படுத்த இரண்டு விடயங்கள் உண்டு. 31ஆம் திகதி எந்த நாட்டு நேரப்படி முடிவடைகிறது என்பது ஒன்று. சிங்கப்பூரின் நள்ளிரவு நமக்கு இரவு 9.30 மணிதான். அந்த நேரத்துக்குள் பரீட்சையைத் தொடங்கினால் போதுமா, முடித்திருக்க வேண்டுமா என்பது மற்றது. சில தளங்கள் காலக்கெடு முடிந்ததும், பாதியில் இருப்பவரையும் சேர்த்துப் பரீட்சையை மூடிவிடுகின்றன.

noreply முகவரிக்கு எழுதுவது எவரையும் சென்றடையாது. மின்னஞ்சலின் அடியில் உதவிக்கான முகவரி தரப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் பரீட்சைத் தளத்தை நடத்தும் வேறொரு நிறுவனத்துடையது. உலாவி, மென்பொருள் பற்றிய கேள்விகளை அங்கே அனுப்புங்கள். காலக்கெடு பற்றிய கேள்வியை, உங்கள் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதாக முன்னர் எழுதிய ஆட்சேர்ப்பு அலுவலருக்கு, அந்தப் பழைய மின்னஞ்சலுக்கான பதிலாகவே அனுப்புங்கள். உங்கள் விண்ணப்பம் எது என்று அவர் தேட வேண்டியிராது.