கம்பத்துக்கு மேலால போகும் பந்து

கேள்வி: வயது 18. உதைபந்தில் பெனால்ட்டிப் பெட்டிக்கு வெளியே 22 மீற்றரில் இருந்து அடித்தால் எல்லாமே கம்பத்துக்கு மேலால போகுது. உடம்பை முன்னுக்குச் சாய்த்தும் சரிவரேல்ல. நக்கிள் போல் பழக்கித் தாறன், அதுக்கென்று உள்ள பூட்ஸும் எடுத்துத் தாறன் என்று ஒருவர் 30,000 ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், கழுவாஞ்சிக்குடி)

பதில்: கொடுக்க வேண்டாம், தம்பி. நக்கிள் போல் என்பது சுழலாமல் போகும் பந்து. சுழலாத பந்தில் காற்று ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் பிரிவதால் அது தடுமாறுகிறது. எந்தப் பக்கம் தடுமாறும் என்று அடித்தவருக்கே தெரியாது. தனக்கே தெரியாத ஒன்றைப் பழக்குகிறேன் என்பவரிடம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? பூட்ஸ் விஷயமும் அப்படித்தான். கால் பந்தைத் தொடுவது ஒரு செக்கனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும். அந்த நேரத்துக்குள் எந்த ரப்பர் வரியும் மந்திரம் செய்யாது. இப்படிப்பட்டவர்களே பிறகு வெளிநாட்டுக் கழகத் தெரிவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று கடவுச்சீட்டையும் கேட்பார்கள். அதையும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் பந்து மேலால போவதற்குக் காரணம் பெரும்பாலும் பின்சுழல். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் அடித்த பந்து 22 மீற்றர் போக ஒரு செக்கன் அளவு எடுக்கும். அந்த நேரத்தில், புறப்பட்ட நேர்கோட்டிலிருந்து அது நாலரை மீற்றர் அளவு கீழே விழ வேண்டும். மேல்கம்பத்தின் உயரம் 2.44 மீற்றர்தான் என்பதால் அந்த விழுதலை நம்பித்தான் நாம் மேல்நோக்கி அடிக்கிறோம். பந்தின் அடிப்பகுதியைச் சீவினால் அது பின்பக்கமாகச் சுழலும், காற்று அதைத் தூக்கிப் பிடிக்கும், விழுதல் பாதியாகக்கூடக் குறையலாம். அப்போது பந்து வேலிக்கு அப்பால்தான் போய் விழும். தொலைக்காட்சியில் 'குத்தி இறங்குது' என்று நாம் சொல்லும் அடிகளில் பல, பின்சுழல் இல்லாத அடிகள்தான். பந்து முன்பக்கமாகச் சுழன்றால் இன்னும் வேகமாக இறங்கும். ஆனால் தரையில் நிற்கும் பந்துக்கு அதைக் கொடுப்பது கடினம்.

சாய்ந்து பார்த்தும் சரிவராததற்குக் காரணம் உங்கள் ஊன்றுகால். அது பந்துக்குப் பின்னால் நின்றால், நெஞ்சை எவ்வளவு சாய்த்தாலும் அடிக்கும் கால் பந்தின் அடியில்தான் போய்ச் சேரும். ஊன்றுகாலைப் பந்தின் பக்கத்திலேயே, ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள். விரல்நுனி கோலைப் பார்க்க வேண்டும். கணுக்காலை இறுக்கி, விரல்களைக் கீழே மடக்கி, புறங்காலின் எலும்புப் பகுதியால் பந்தின் நடுவுக்கு ஒரு விரலளவு கீழே அடியுங்கள். பந்தை ஊடறுத்துப் போய் அடித்த காலிலேயே தரையிறங்குங்கள். உடம்பு தானாகவே பந்துக்கு மேலே வந்துவிடும்.

சரியாக அடித்தீர்களா என்று அறிய, பந்தைச் சுற்றி நிறநாடா ஒட்டி, பக்கத்தில் நிற்பவரை போனில் ஸ்லோ மோஷனில் படம்பிடிக்கச் சொல்லுங்கள். நாடா உங்கள் பக்கமாக மேலால் உருண்டு வந்தால் இன்னும் அடியில் சீவுகிறீர்கள். பக்கவாட்டில் சுழன்றால் பந்து வளையும். வலதுகால்காரர் உட்பாதத்தால் பந்தின் வலப்பக்கத்தில் அடித்தால் அது இடப்பக்கம் வளையும். 1997இல் பிரான்ஸுக்கு எதிராக பிரேசிலின் ரொபேர்ட்டோ கார்லோஸ் ஏறத்தாழ 35 மீற்றரில் இருந்து வளைத்தது இடதுகாலின் வெளிப்பாதத்தால். அதை நீங்கள் பிறகு பார்க்கலாம்.

பந்து விதிப்படி 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐக்குள் இருக்கட்டும். கல்லுப்போல ஊதிய பந்தில் பழகாதீர்கள். நல்ல பந்து எங்கே கிடைக்கிறது என்று கேட்பீர்கள். நான் பயிற்றுவித்த ஒரு பாடசாலையில் 25 பிள்ளைகளுக்கு ஒரு பந்து. புதுப் பந்துகள் நான்கு, பரிசளிப்பு விழாவுக்கென்று அலுமாரியில் பூட்டியிருந்தன. பிள்ளைகளோ மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள், அதுதான் பயிற்சி.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். காற்று. ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது, பின்னேரத்தில் கடற்காற்று எழும்பும்போது, இரண்டு கோலும் ஒரே கோல் இல்லை. காற்றை எதிர்த்து அடித்தால் சுழலின் விளைவு கூடும். சீவிய பந்து இன்னும் மேலே ஏறும், முன்சுழல் பந்து இன்னும் கீழே குத்தும். காற்று முதுகில் இருந்தால் பந்து வேகமாகப் போகும், ஆனால் சுழல் அதை அவ்வளவு பிடிக்காது, இறங்கவும் நேரம் போதாது. அப்போது வழமையைவிடத் தாழ்வாகக் குறிபாருங்கள். சுத்தமாக அடித்த பந்தும் மேலால போகும் நாள் அதுதான், அன்றைக்குக் காலைத் திருத்தப் போகாதீர்கள். பயிற்சிக்கு முன் ஒரு பிடி மணலை மேலே தூவிப் பார்த்துவிட்டு, முதல் இருபது அடியைக் காற்றை எதிர்த்தே அடியுங்கள். உங்கள் குறை அங்கேதான் பெரிதாகத் தெரியும்.