வழியில் களவுபோன சரக்கு: லாரி புக்கிங் அலுவலகம் காப்பீட்டில் எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: திருப்பூரில் லாரி புக்கிங் அலுவலகம் நடத்துகிறேன். ஒரு பின்னலாடை நிறுவனத்தின் 40 பெட்டிகளை மற்றவர்களின் சரக்கோடு சேர்த்து பிவண்டிக்கு அனுப்பினேன். சித்ரதுர்கா அருகே இரவில் வண்டி நின்றபோது தார்பாயை அறுத்து அந்த 40 பெட்டிகளையும் தூக்கிவிட்டார்கள். டிரைவர் காலையிலேயே அங்குள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போடப்பட்டது, ஆனால் அதில் ‘சுமார் 35 பெட்டிகள்’ என்று இருக்கிறது. இன்வாய்ஸ் மதிப்பு 6,30,000 ரூபாய், அந்தச் சரக்கின் வாடகை 16,000 ரூபாய். நிறுவனம் முழு மதிப்பையும் என் வாடகைப் பாக்கியில் பிடித்துக்கொண்டது. என் பாலிசியில் ‘கேரியர்ஸ் லீகல் லயபிலிட்டி’ என்று உள்ளது, எக்ஸஸ் 15,000 ரூபாய். முழுத் தொகையும் கிடைக்கும்படி கிளெய்ம் கடிதத்தை எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் பாலிசியின் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. சரக்கின் சொந்தக்காரர் எடுக்கும் மரைன் கார்கோ பாலிசி, பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சரக்கின் மதிப்பை ஈடுசெய்யும். நீங்கள் எடுத்திருப்பது அதுவல்ல. சரக்கு ஏற்றிச் செல்பவர் என்ற முறையில் சட்டப்படி உங்கள் மீது விழும் பொறுப்பை மட்டுமே அது ஏற்கும். ஆகவே காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கப்போவது, பெட்டிகளின் விலை என்ன என்பதல்ல, அந்த இழப்பில் எவ்வளவு தொகைக்குச் சட்டம் உங்களைப் பொறுப்பாக்குகிறது என்பதுதான். வாடிக்கையாளர் பிடித்துக்கொண்ட தொகை இந்தக் கேள்விக்கு விடையாகாது.

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007, அதன் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகள் ஆகியவற்றின்படி, புக்கிங் அலுவலகத்தின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்குக்கு வரம்பிடப்பட்டுள்ளது; அனுப்புபவர் கூடுதல் பொறுப்புக்கான கட்டணத்தை ஒப்புக்கொண்டு, அது எழுத்தில் பதிவாகியிருந்தால் மட்டுமே அந்த வரம்பு உயரும். உங்கள் கணக்கில் பத்து மடங்கு என்பது 1,60,000 ரூபாய். லாரி ரசீதான எல்.ஆரில் 6,30,000 என்று மதிப்பு எழுதப்பட்டிருப்பதாலேயே பொறுப்பும் அவ்வளவு ஆகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த மதிப்பு, இதைத் தாண்டி இழப்பீடு கேட்க முடியாது என்ற மேல் எல்லையை மட்டுமே குறிக்கிறது. கூடுதல் கட்டணம் எதுவும் வாங்கவில்லை என்றால், நீங்கள் கேட்கத் தகுதியுள்ள தொகை 1,60,000 ரூபாய். இழப்பில் நீங்களே ஏற்க வேண்டிய எக்ஸஸைக் கழித்தால் கைக்கு வரக்கூடியது 1,45,000 ரூபாய்.

இது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் 6,30,000 என்று எழுதிக் கேட்பது ஆபத்தானது. இத்தகைய பாலிசிகளில் காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் கொடுத்துத் தீர்க்கவோ கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். பிடித்தத்துக்காகப் பின்னலாடை நிறுவனம் அனுப்பிய டெபிட் நோட்டை நீங்கள் கையொப்பமிட்டு ஏற்றிருந்தால், அதையே காரணமாகக் காட்டி கிளெய்மைத் தள்ள வழியுண்டு. இதுவரை ஏற்கவில்லை என்றால், ‘இந்தப் பிடித்தத்தை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பதிவுசெய்கிறோம்’ என்று இன்றே ஒரு கடிதம் அனுப்பி, அதன் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கொடுங்கள். மீதமுள்ள 4,70,000 ரூபாயை வாடகைப் பாக்கியில் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டா என்ற வழக்கு, உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலானது. அதைக் காப்பீட்டு கிளெய்மோடு கலக்க வேண்டாம்.

அதற்கு முன் ஒன்றைக் கேட்டறியுங்கள். அந்த நிறுவனம் தன் சரக்குக்குத் தனியாக மரைன் கார்கோ பாலிசி வைத்திருக்கிறதா? இருந்தால், அந்தக் காப்பீட்டு நிறுவனம் அவர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவர்களுடைய உரிமையை ஏற்று உங்கள் மீது வரும். பருத்தி நூல் ஏற்றிய லாரி விபத்துக்குள்ளான வழக்கில், எகனாமிக் டிரான்ஸ்போர்ட் ஆர்கனைசேஷன் எதிர் சரண் ஸ்பின்னிங் மில்ஸ் என்ற தீர்ப்பில் 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இந்த உரிமை மாற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. ஒரே இழப்புக்கு அவர்கள் காப்பீட்டிலும் பணம் பெற்று உங்கள் வாடகையிலும் பிடித்தால், அது இரட்டை வசூல். அவர்கள் உங்களிடம் ‘நான்-டெலிவரி சர்டிபிகேட்’ கேட்டால் மறுக்காமல் கொடுக்கலாம். அதில் சரக்கு ஒப்படைக்கப்படவில்லை என்ற உண்மையை மட்டும் எழுதுங்கள், பொறுப்பை ஏற்பதாக ஒரு சொல்லும் வேண்டாம்.

இனி எஃப்.ஐ.ஆர். டிரைவர் காலையிலேயே புகார் கொடுத்தது உங்கள் கிளெய்முக்குப் பெரிய பலம். வாகனத் திருட்டு தொடர்பான குர்ஷிந்தர் சிங் வழக்கில், எஃப்.ஐ.ஆர். உடனடியாகப் பதிவாகி, விசாரணையில் திருட்டு உண்மை என்று தெரிந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகத் தகவல் கொடுத்தது என்ற ஒரே காரணத்துக்காக கிளெய்மை மறுக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு கூறியது. அது வாகனப் பாலிசி பற்றிய தீர்ப்பு என்றாலும், உங்கள் வாதத்துக்குத் துணை நிற்கும். தமிழ்நாட்டில் புகார் கொடுப்பவர்கள் பல நேரங்களில் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடுகிறார்கள், அது புகார் பெறப்பட்டதற்கான சான்று மட்டுமே, அதை எஃப்.ஐ.ஆருக்கு ஈடாகக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

உங்களுடைய சிக்கல் ‘சுமார் 35’ என்ற சொற்கள். இருட்டில் அறுபட்ட தார்பாயைப் பார்த்த டிரைவர், எல்.ஆர்., இன்வாய்ஸ் எதையும் ஒப்பிடாமல் சொன்ன எண்ணிக்கை அது. இதைத் திருத்த எஃப்.ஐ.ஆரை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள், அது நடக்கவும் நடக்காது. விசாரணை அதிகாரியிடம் கூடுதல் வாக்குமூலமாக ஒரு மனுவை நீங்களே கொடுங்கள்: எல்.ஆர். எண்ணும் தேதியும், இன்வாய்ஸ் எண், இ-வே பில் எண், வண்டி எண், பேக்கிங் லிஸ்டின்படி 40 பெட்டிகள், பிவண்டியில் மற்ற எல்.ஆர்.களின் சரக்கு முழுமையாக இறக்கப்பட்ட விவரம் ஆகியவற்றை எழுதி, பெறப்பட்டதற்கான முத்திரையுடன் நகலை வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். கன்னடத்தில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணையுங்கள்.

எண்ணிக்கையை உண்மையில் நிறுவப்போவது எல்.ஆரும் இறக்கிய இடத்துப் பதிவும்தான். காப்பீட்டு நிறுவனத்துக்காக இழப்பை மதிப்பிடும் சர்வேயர் தேடுவது ஒரு சங்கிலியை: 40 பெட்டிகள் உங்கள் கிடங்குக்கு வந்தன, வண்டியில் ஏறின, வழியில் ஓரிடம் வரை இருந்தன, பின் இல்லை. முதல் கண்ணிக்கு அனுப்புபவர் கொடுத்த ஃபார்வர்டிங் நோட்டும் எல்.ஆரும் போதும். இரண்டாவதுக்கு லோடிங் ஷீட், எடைமேடை ரசீது இருந்தால் அது, இ-வே பில்லின் பகுதி ‘பி’யில் இதே வண்டி எண். மூன்றாவதுக்கு ஃபாஸ்டேக் கணக்கும் ஜி.பி.எஸ். பதிவும், சித்ரதுர்கா அருகே வண்டி எப்போது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று அவை காட்டும். பிவண்டியில் மற்ற சரக்கைப் பெற்றவர்கள் குறையின்றிப் பெற்றதாகக் கையொப்பமிட்ட எல்.ஆர். நகல்கள் நான்காவது. இவற்றில் ஒன்றில் 38 என்றும் இன்னொன்றில் 40 என்றும் இருந்தால், சர்வேயர் கேட்கும் முன்பே அதற்கான விளக்கத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

டிரைவர், கிளீனர் எங்கே இருந்தார்கள் என்பதையும் கேட்பார்கள். ஆளில்லாமல் வண்டியை விட்டுச் சென்றால் இழப்பீடு இல்லை என்ற நிபந்தனை உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருவரும் கேபினில் உறங்கினார்கள் என்பதுதான் உண்மையென்றால் அதையே எழுதுங்கள்; வண்டி காலியாக விடப்படவில்லை என்று அதைக் கொண்டே வாதிடலாம். ஜி.பி.எஸ். பதிவுக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் முரணாக அழகுபடுத்தி எழுதிய ஒரு வாக்கியமே முழு கிளெய்மையும் சாய்த்துவிடும். உங்கள் ஆட்களே களவில் சம்பந்தப்பட்டதாக விசாரணையில் தெரியவந்தால் நிலைமை வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டு 303ஆம் பிரிவிலும், சரக்கு வண்டியிலிருந்து நடக்கும் திருட்டு 305ஆம் பிரிவிலும், சரக்கு ஏற்றிச் செல்பவரின் நம்பிக்கை மோசடி 316ஆம் பிரிவிலும் வருகின்றன. எந்தப் பிரிவில் வழக்குப் பதிவாகியுள்ளது என்பதைச் சர்வேயர் கவனிப்பார். ஊழியர்களின் குற்றச் செயலுக்கு உரிமையாளரே பொறுப்பு என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம், அந்நிலையில் பத்து மடங்கு வரம்பைக் காட்டித் தப்பலாம் என்று நம்ப வேண்டாம். பல பாலிசிகள் ஊழியர் மோசடியை விலக்கியும் வைத்திருக்கின்றன.

கடிதத்தின் மையப் பத்தி இப்படி இருக்கலாம்:

“மேற்கண்ட எல்.ஆரின் கீழ் எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட 40 பெட்டிகளும் போக்குவரத்தின்போது களவுபோயின. இந்தக் களவு குறித்து மேற்கண்ட எஃப்.ஐ.ஆர். பதிவாகியுள்ளது. அதில் குறிக்கப்பட்ட எண்ணிக்கை, ஆவணங்களை ஒப்பிடும் முன் ஓட்டுநர் மதிப்பிட்டுச் சொன்னது. சரியான எண்ணிக்கை குறித்த எங்கள் கூடுதல் மனுவின் நகலை இணைத்துள்ளோம். அனுப்புநர் 6,30,000 ரூபாய் கோருகிறார். அதை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எங்கள் பொறுப்பு 1,60,000 ரூபாய் எனக் கருதி, எக்ஸஸ் நீங்கலாக 1,45,000 ரூபாய்க்கு இந்தக் கோரிக்கையை வைக்கிறோம். அனுப்புநரின் கூடுதல் கோரிக்கையை எப்படி எதிர்கொள்வது என்பது குறித்து உங்கள் எழுத்துப்பூர்வ அறிவுறுத்தலைக் கோருகிறோம்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அனுப்புநர் வழக்குத் தொடர்வதற்கு, சரக்கு புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் உங்களுக்கு எழுத்துப்பூர்வ அறிவிப்பு தர வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அறிவிப்பு வந்த அன்றே, வந்த தேதியை உறையோடு பாதுகாத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல் துறையின் இறுதி அறிக்கை வரும் வரை கிளெய்மை நிறுத்திவைப்போம் என்று சொல்வார்கள். சரக்கு பின்னர் மீட்கப்பட்டால் அதற்கேற்ற தொகையைத் திருப்பித் தருவதாக ஒரு இன்டெம்னிட்டி பத்திரம் கொடுக்கத் தயார் என்று எழுதி, இப்போதே முடிவு செய்யும்படி கேளுங்கள். இடையில் இறுதி அறிக்கையின் நகலுக்கு அந்தக் காவல் நிலையத்தில் விண்ணப்பித்துவையுங்கள். மறுத்தால், எந்த நிபந்தனையின் அடிப்படையில் என்று எழுத்தில் பெறுங்கள். உங்கள் தொழில் தனிநபர் உரிமையிலோ குறு நிறுவனமாகவோ இருந்தால், முதலில் காப்பீட்டு நிறுவனத்திடமே முறையிட்டு, அது பலிக்காதபோது ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை.