பழைய பிரசன்டேஷனில் எது காலாவதி, எது வரலாறு?

கேள்வி: 2019-ல் செய்த 40 ஸ்லைடு பிரசன்டேஷன் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கச் சுருக்கத்தைப் புதுப்பித்துத் தரச் சொல்கிறார்கள். தேதி, எண், மேற்கோள் இவற்றில் எதெல்லாம் பழசு என்று விட்டுப்போகாமல் எப்படிக் குறிப்பது?

பதில்: முதலில் கோப்பின் உண்மையான வயதைக் கண்டுபிடியுங்கள். ஸ்லைடின் அடியில் தெரியும் தேதியை நம்பவே கூடாது. பவர்பாயின்டில் தேதியை `Update automatically` என்று வைத்திருந்தால், பழைய கோப்பும் திறக்கும் நாளின் தேதியைத்தான் காட்டும். கோப்பின் `Modified` தேதியும் கடைசியாக யாரோ சேமித்த நாள்தான். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தாலே அது மாறிவிடும். உள்ளே மேற்கோள் காட்டியிருப்பவற்றில் மிகப் பிந்திய ஆண்டு எதுவோ, தரவு ஏறக்குறைய அதுவரைதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு ஒரு நகல் எடுத்து, எதையும் திருத்தாமல் குறித்துக்கொண்டே போங்கள். கண்ட இடத்தில் திருத்தினால், பழைய எண் எது, அதை நம்பி வேறு எந்த ஸ்லைடு நிற்கிறது என்பது அழிந்துபோகும். `Ctrl+F` போட்டு "20" என்று தேடினால் ஆண்டுகள் பெரும்பாலும் சிக்கும். அடுத்து %, "கோடி", "லட்சம்". அதற்கும் அடுத்து, ஆண்டே எழுதாமல் காலத்தைச் சொல்லும் சொற்கள்: தற்போது, கடந்த ஆண்டு, சமீபத்தில், விரைவில், இதுவரை. அதிகம் நழுவுவது இவைதான். சுருக்கத்துக்குள் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துகொள்வதும் இவைதான். படமாக ஒட்டிய அட்டவணை தேடலில் வராது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். `Outline View`-ஐ மட்டும் படித்துவிட்டு முடித்துவிடாதீர்கள். தனி டெக்ஸ்ட் பாக்ஸில் இருப்பது அதில் தெரியாது. ஸ்பீக்கர் நோட்ஸையும் மறைத்து வைத்த ஸ்லைடுகளையும் திறந்து பாருங்கள்.

கிடைத்த ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு குறி போடுங்கள். நடந்து முடிந்த செய்தி "நிலை": அதைத் தொடக்கூடாது. இன்று வேறு மதிப்பு இருக்கக்கூடியது "மாறும்". இந்த இரண்டில் ஒன்றை நம்பி எழுதிய முடிவு "சார்பு". பலர் இரண்டாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். சுருக்கம் தப்பாகிப்போவது மூன்றாவதில்.

காற்றில் மிதக்கும் நுண்துகளான பிஎம் 2.5 பற்றிய ஒரு காற்றுத்தர பிரசன்டேஷனை எடுத்துக்கொள்வோம். ஸ்லைடு 12-ல், "2018-ல் பிஎம் 2.5 ஆண்டுச் சராசரி: கன மீட்டருக்கு 8 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவன வழிகாட்டு அளவு: 10." சுருக்கத்தில், "காற்று வழிகாட்டு அளவுக்குள் உள்ளது. அதைவிட 20% குறைவு."

இதில் 8 என்பது "நிலை". 2018-ல் அளந்தது இன்றும் 8-தான். 10 என்பது "மாறும்". அது 2005-ம் ஆண்டு வழிகாட்டுதல், 2021 செப்டம்பரில் 5 ஆகக் குறைக்கப்பட்டது. "அளவுக்குள் உள்ளது", "20% குறைவு" இரண்டும் "சார்பு". புதிய அளவோடு வைத்தால் அதே 8 வழிகாட்டு அளவைவிட 60% அதிகம். அளந்த எண் அப்படியே இருக்க, முடிவு தலைகீழாகிவிட்டது. 10-ஐ மட்டும் 5 ஆக்கிவிட்டு வாக்கியத்தை விட்டுவைத்தால், முன்பிருந்ததைவிட மோசமான தப்பு. அந்த ஸ்லைடின் வரைபடத்தில் 10-க்கு நேராக யாராவது கையால் ஒரு சிவப்புக் கோடு வரைந்திருப்பார்கள். எண் எழுதாத கோடு எந்தத் தேடலிலும் அகப்படாது. பச்சை நிறப் பட்டையும் அப்படித்தான். அதுவும் ஒரு முடிவைச் சொல்கிறது.

புதிய அளவீடு கையில் இல்லையென்றால் ஊகித்து நிரப்ப வேண்டாம். "2018-ல் 8 பதிவானது, அன்றைய வழிகாட்டு அளவு 10, 2021 முதல் அது 5" என்று ஆண்டோடு எழுதினால் வாக்கியம் பொய்யாகாது.

மேற்கோள்களில் லிங்க் திறக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. அதே முகவரியில் புதிய பதிப்பை ஏற்றியிருப்பார்கள். லிங்க் வேலை செய்யும், ஸ்லைடில் உள்ள எண் அங்கே இருக்காது. ஆவணத்தின் பதிப்பு ஆண்டையும், எண் இருக்கும் பக்கத்தையும் சேர்த்துக் குறியுங்கள். வரைபடம் எக்செல் கோப்போடு இணைந்திருந்தால் `File > Info > Edit Links to Files` என்பதில் தெரியும். குறித்து முடியும்வரை அங்கே `Update Now` அழுத்தாதீர்கள். எக்செலில் எண் மாறியிருந்தால் வரைபடம் புதிதாகிவிடும், பக்கத்தில் தட்டச்சு செய்த வாக்கியம் பழசாகவே நிற்கும்.

கடைசியில் சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் அது எந்த ஸ்லைடிலிருந்து வந்தது என்று எண் போடுங்கள். "சார்பு" குறி உள்ள ஸ்லைடைத் தொடும் வாக்கியத்தை ஒட்டுப்போடாமல் முழுதாகத் திரும்ப எழுதுங்கள். எந்த ஸ்லைடு எண்ணும் பொருந்தாத வாக்கியம் அகப்பட்டால், பேசியவர் வாய்மொழியாகச் சொன்னதாக இருக்கும். ஆதாரம் கிடைக்கும்வரை அது சுருக்கத்துக்கு வெளியே இருக்கட்டும்.